'வந்துச்சு' என்னும் சொல்லின் இலக்கணம்
(இரட்டை வழக்கும் தமிழ் இலக்கண விளக்கமும்)

முன்னுரை

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை முதலாண்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ஒரு தாளில் 'மழை வந்திற்று' என்றொரு தொடர் நம் கண்ணிற் பட்டது. சிவப்பு மையால் அடித்து, 'வந்தது' என எழுதி, மதிப்பெண்ணையும் குறைத்தோம். தாள்களைத் திருப்பிக் கொடுத்த நாளில் அம்மாணவர் நம்மிடம் வந்து பணிவாக வினவினார். "ஐயா, போச்சு என்பதைப் போயிற்று என்று எழுதணும்னு நீங்கதான் சொன்னீங்க. ஆச்சுன்னா ஆயிற்று. அப்படின்னா வந்துச்சுக்கு வந்திற்றுதானே வரணும்?"

'அப்படி ஒரு சொல் இல்லை தம்பி' என்று மட்டுமே அன்று நம்மால் விடை கூற இயன்றது. அவ்விடை தவறன்று. ஆயினும், ஏன் இல்லை என்பதை நாம் கூறவில்லை. கூறுவதற்கு நம் கையிலிருந்த இலக்கண நூல்களில் வழியும் இல்லை. அவை 'வந்தது' என்பதன் இலக்கணத்தைக் கூறுகின்றன. 'வந்துச்சு' என்பதன் இலக்கணத்தைக் கூறுவதில்லை. தமிழ் பேசும் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் நாள்தோறும் வழங்கும் ஒரு வினைமுற்றுக்கு இலக்கணம் கூறாமலேயே நாம் இலக்கண வகுப்பை நடத்தி வருகின்றோம். அம்மாணவரின் வினாவுக்குரிய விடையை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். 'வந்துச்சு' என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொண்டு, இருவழக்கு உடைய ஒரு மொழிக்கு இலக்கணம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காண்போம்.

இரட்டை வழக்கு

ஒரு மொழிக்குள்ளேயே இரு வழக்குகள் நின்று, ஒன்று எழுத்துக்கும் மேடைக்கும் பாடநூலுக்கும், மற்றொன்று வீட்டுக்கும் தெருவுக்கும் சந்தைக்கும் எனப் பணி பிரித்துக்கொள்ளும் நிலையை மொழியியலார் 'இரட்டை வழக்கு' என்பர். 1959ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியல் அறிஞர் சார்லஸ் ஃபெர்கூசன் எழுதிய கட்டுரை ஒன்று இக்கருத்தைப் பரவச் செய்தது. அவர் எடுத்துக்காட்டிய மொழிச்சூழல்கள் நான்கு: அரபு, நவீன கிரேக்கம், சுவிட்சர்லாந்தின் ஜெர்மன், ஹைத்தியின் கிரியோல். தமிழும் இவ்வகையினதே என்பதைப் பின்வந்த அறிஞர் பலர் விளக்கியுள்ளனர்.

இது வட்டார வழக்கினின்றும் வேறானது. நெல்லைப் பேச்சுக்கும் கோவைப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு இடத்தால் வந்தது. எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள வேறுபாடோ, ஒரே மனிதர் ஒரே நாளில் மாறிமாறிக் கையாளும் வேறுபாடு. மேலும், எழுத்து வழக்கைத் தாய்மடியிற் கற்பார் எவரும் இலர். பேராசிரியரும் தம் வீட்டில் 'மழை வந்துச்சு' என்றே கூறுவார். எழுத்து வழக்கைப் பள்ளியிற் பயின்றே அடைகின்றோம்.

அரபு பயின்றோர்க்கு இதனை எளிதில் உணர்த்தலாம். நூலரபில் 'அவன் எழுதவில்லை' என்பதை 'லம் யக்துப்' என்பர். எகிப்தியர் பேச்சில் அது 'மா கதப்ஷ்' என வரும். இப்பேச்சு வடிவத்தின் ஈற்றிலுள்ள 'ஷ்', 'பொருள்' என்று பொருள்படும் 'ஷய்உ' என்னும் சொல்லின் சுருக்கமாகும். 'லம் யக்துப்' என்பதை எவ்வளவு சிதைத்தாலும் 'மா கதப்ஷ்' கிட்டாது. பேச்சு வழக்கு வேறொரு வழியிற் சென்று, தனக்கென ஓர் எதிர்மறை விதியை ஆக்கிக்கொண்டது. தமிழிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு என்பதற்கே 'வந்துச்சு' சான்றாகின்றது.

இருவழக்கையும் பற்றிய சிந்தனை நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் வழக்கு, செய்யுள் என்னும் இரண்டையும் இலக்கணத்துக்கு அடிப்படையாகக் காட்டுகின்றது. வீரமாமுனிவர் இரண்டையும் ஒரே நூலில் அடக்காமல் தனித்தனியே நூல் செய்தார். 1728இல் அவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. செந்தமிழுக்கு வேறோர் இலக்கணத்தை 1730இல் எழுதினார். அவர் கொடுந்தமிழ் என்றது இன்றைய பேச்சுத் தமிழை அப்படியே குறிப்பதாகாது. எனினும், பொது வழக்குக்கும் ஓர் இலக்கணம் உண்டு, அதனைத் தனியே எழுதலாம் என்னும் துணிவு அவரிடம் இருந்தது.

சிதைவு என்னும் விளக்கம்

பேச்சு வடிவங்களைப் பற்றி நாம் வழக்கமாகக் கூறுவது, அவை எழுத்து வடிவங்களின் சிதைவு என்பதே. 'வந்துவிட்டான்' என்பது 'வந்துட்டான்' என்றாவதும், 'அவர்கள்' என்பது 'அவங்க' என்றாவதும் இக்கூற்றுக்கு அரண் செய்வனபோற் தோன்றும். ஒலிகள் குறைந்தன, சொல் குறுகிற்று என்று கூறி நாம் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றோம்.

'வந்தது' என்பதையும் 'வந்துச்சு' என்பதையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். முன்னதில் எந்த ஒலி குறைந்தது? ஒன்றும் குறையவில்லை. மாறாக, 'து' என்னும் தனித் தகரம் இருந்த இடத்தில் 'ச்சு' என இரட்டைச் சகரம் வந்துள்ளது. சொல் நீண்டதேயன்றிக் குறுகவில்லை. தகரம் சகரமாவதற்குத் தமிழில் இடம் உண்டு; ஆனால் அதற்கு முன்னே இகரமோ ஐகாரமோ யகரமோ நிற்க வேண்டும். 'வந்தது' என்பதில் 'து'வுக்கு முன்னுள்ள உயிர் அகரம். 'அது', 'இது', 'எது' என்பன 'அச்சு', 'இச்சு', 'எச்சு' ஆவதில்லை. எனவே, சிதைவு என்னும் விளக்கம் இங்கே பொருந்தாது. 'வந்துச்சு' என்பது 'வந்தது' என்பதிலிருந்து பிறந்ததன்று.

ஒலிமாற்ற விதி தரும் விளக்கம்

அவ்வாறாயின் 'ச்சு' எங்கிருந்து வந்தது? இவ்விடத்தில் பழைய இலக்கணம் நமக்கு உதவுகின்றது. ஒன்றன்பால் வினைமுற்றின் விகுதிகளாகத் து, று, டு ஆகிய மூன்றையும் நன்னூலார் கூறுவர். 'வந்தது' என்பதில் 'து' விகுதி உள்ளது. 'ஆயிற்று', 'போயிற்று', 'ஓடிற்று', 'சொல்லிற்று' ஆகியவற்றில் 'று' விகுதி உள்ளது. 'ஓடிற்று' என்பது ஓடு + இன் + று எனப் பிரியும். 'இன்' இறந்தகால இடைநிலை. அதன் னகரம் றகரத்தின் முன் திரிந்து 'ற்' ஆயிற்று.

இனி, பேச்சு வழக்கில் நிகழும் இரு மாற்றங்களை நினைவு கூர்வோம். முதலாவது, இரட்டை றகரம் இரட்டைத் தகரமாதல்: காற்று 'காத்து' ஆகும், நேற்று 'நேத்து' ஆகும். இரண்டாவது, இகரம், ஐகாரம் முதலியவற்றின்பின் இரட்டைத் தகரம் இரட்டைச் சகரமாதல்: படித்தான் 'படிச்சான்' ஆகும், சிரித்தான் 'சிரிச்சான்' ஆகும், வைத்தான் 'வச்சான்' ஆகும். இவ்விரண்டையும் 'ஆயிற்று' என்பதன்மேல் ஏற்றிப் பார்த்தால் ஆயிற்று, ஆயித்து, ஆயிச்சு, ஆச்சு எனப் படிப்படியாக வந்து சேர்கின்றோம். 'போயிற்று' போச்சு ஆவதும், 'ஓடிற்று' ஓடிச்சு ஆவதும், 'சொல்லிற்று' சொல்லிச்சு ஆவதும் இம்முறையிலேயே.

இதனால் ஓர் உண்மை பெறப்படுகின்றது. இன்றைய உரைநடை 'ஓடியது', 'சொன்னது' என எழுதுகின்றது. பேச்சு வழக்கின் 'ஓடிச்சு', 'சொல்லிச்சு' ஆகியவை அவற்றிலிருந்து வந்தவையல்ல. உரைநடையில் அருகிவிட்ட 'ஓடிற்று', 'சொல்லிற்று' என்னும் பழைய வடிவங்களின் வழிவந்தவை. நாம் 'கொச்சை' என ஒதுக்கும் சொல், நாம் கைவிட்ட நன்னூல் விகுதி ஒன்றைத் தன்னுள் வைத்துள்ளது.

இத்துடன் ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டால், எழுத்து வடிவத்தைக் கொடுத்து ஒலிமாற்ற விதிகளைச் சேர்த்தாற் பேச்சு வடிவம் கிடைத்துவிடும் என்னும் முடிவுக்கு வருவோம். ஆனால் அம்முடிவை இரு சான்றுகள் தடுக்கின்றன.

முதற் சான்று 'வயிற்றில்' என்பது. இங்கும் இகரத்தின்பின் இரட்டை றகரம் உள்ளது. மேற்கூறிய விதிகள் ஒலியை மட்டுமே நோக்குவனவாயின், இது 'வயிச்சுல' என்றாக வேண்டும். அவ்வாறு கூறுவார் இலர். 'வயித்துல' என்றே கூறுகின்றனர். 'கயிற்றில்' என்பதும் 'கயித்துல' என்றே வருகின்றது. ஆகவே, றகரம் தகரமாகிச் சகரமாவது எல்லாச் சொற்களிலும் நிகழ்வதன்று. 'படிச்சான்', 'ஓடிச்சு' போன்ற வினைகளில் அது நிகழ்கின்றது. 'வயிறு', 'கயிறு' என்னும் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது நிகழ்வதில்லை. ஒலியை மட்டும் அறிந்தாற் போதாது. அவ்வொலி எச்சொல்லின் எவ்வுறுப்பில் நிற்கின்றது என்பதையும் அறிய வேண்டும்.

இரண்டாம் சான்று 'வந்துச்சு' என்பதே. 'ஆயிற்று' உண்டு, 'போயிற்று' உண்டு. 'வா' என்னும் வினை தகர இடைநிலை பெறுவது, 'இன்' பெறுவதன்று. 'வந்திற்று' எனக் கொண்டு நன்னூல் முறையிற் பிரித்தால், தகரம் ஒன்றும் 'இன்' ஒன்றுமாகக் காலங்காட்டும் இடைநிலைகள் இரண்டு ஒரே சொல்லில் வந்துவிடும். ஆகவே, 'வந்துச்சு' என்பதற்கு மூலமாக எழுத்து வழக்கில் ஒரு வடிவமும் இல்லை. இங்கேதான் அம்மாணவர் தடுமாறினார். இல்லாத மூலத்தை அவர் கணக்கிட்டு உண்டாக்கினார்.

பேச்சு வழக்குக்கு உரிய விதி

இனி, எழுத்து வழக்கை ஒருபுறம் வைத்துவிட்டு, பேச்சு வடிவங்களை மட்டும் வரிசைப்படுத்திப் பார்ப்போம். ஒவ்வொரு வினைக்கும் முதலில் அதன் வினையெச்சத்தையும், அடுத்து அஃறிணை இறந்தகால முற்றையும் தருகின்றோம்.

வந்து — வந்துச்சு
விழுந்து — விழுந்துச்சு
நின்னு — நின்னுச்சு
சாப்பிட்டு — சாப்பிட்டுச்சு
கடிச்சு — கடிச்சுச்சு
வித்து — வித்துச்சு
ஓடி — ஓடிச்சு
சொல்லி — சொல்லிச்சு

விதி வெளிப்படையாகத் தெரிகின்றது. பேச்சுத் தமிழில் வினையெச்சத்தோடு 'ச்சு' சேர்ந்தால் அஃறிணை இறந்தகால வினைமுற்று ஆகும். இடைநிலைகளைத் தனித்தனியே கணக்கிட வேண்டியதில்லை. ஓடிச்சு 'ஓடுச்சு' என்றும், கடிச்சுச்சு 'கடிச்சிச்சு' என்றும் உயிர் சற்றே மாறி ஒலிப்பதுண்டு. விதி அதனால் மாறுவதில்லை.

'சேர்வது வினையெச்சத்தோடுதான் என்று எவ்வாறு துணிவது? வந்தான், வந்தா, வந்தாங்க என்பவற்றில் உள்ள அடியோடுதான் இதுவும் சேர்ந்தது எனலாகாதா?' என வினவலாம். 'வந்து' என்பதை மட்டும் பார்த்தால் இவ்வையம் நீங்காது. 'சொல்' என்னும் வினையைப் பார்த்தால் நீங்கும். சொன்னான், சொன்னா, சொன்னாங்க என உயர்திணை முற்றுகளில் 'சொன்ன்' என்னும் அடி வருகின்றது. அஃறிணையிலோ 'சொல்லிச்சு' என வருகின்றது. அதில் உள்ளது 'சொல்லி' என்னும் வினையெச்சம். ஓடுனான், பேசுனான் என்பவற்றின் னகரமும் ஓடிச்சு, பேசிச்சு என்பவற்றில் இல்லை. சில ஊர்களில் 'சொன்னுச்சு' என்போரும் உளர். எனினும் பரவலான வடிவம் வினையெச்சத்தின்மீதே அமைந்துள்ளது.

இவ்விதி பிறந்த வழியையும் ஊகித்தறியலாம். 'ஓடிற்று' என்பதை நன்னூலார் ஓடு + இன் + று எனப் பிரிப்பர். 'ஓடிச்சு' என்று கேட்டு வளரும் குழந்தைக்கு 'இன்' புலப்படாது. அது கேட்பது 'ஓடி' என்னும் எச்சத்தையும் 'ச்சு' என்னும் ஈற்றையுமே. ஆகவே ஓடி + ச்சு எனப் பிரித்துக்கொள்கின்றது. ஒருமுறை அவ்வாறு பிரித்தபின், வந்து + ச்சு, விழுந்து + ச்சு எனப் புதிய சொற்களை ஆக்குவதற்குத் தடையில்லை. ஒலிமாற்றம் 'ச்சு' என்னும் உறுப்பைத் தந்தது. ஒப்புமை அதனை எல்லா வினைகளுக்கும் பரப்பியது. 'வித்துச்சு' என்னும் ஒரு சொல்லிலேயே இது விளங்கும். 'விற்று' என்பதன் றகரம் இகரத்தின்பின் நின்றும் தகரமாகி நின்றுவிட்டது. அதனையடுத்து வரும் சகரமோ ஒலி மாறி வந்ததன்று, விகுதியாக வந்து சேர்ந்தது.

எழுத்தில் இல்லாத ஒரு வேறுபாடு

இவ்விதியின் பயன் ஒரு விகுதியோடு முடிந்துவிடவில்லை. எழுத்து வழக்கில் 'வந்தது' என்பது ஒரே வடிவம், பணிகள் பல. 'மாடு வந்தது' என்பதில் அது வினைமுற்று. 'வந்தது எது?' என்பதில் அது வினையாலணையும் பெயர். 'நீ வந்தது நல்லது' என்பதில் அது வருதலாகிய தொழிலைக் குறிக்கின்றது. வடிவம் ஒன்றேயாதலின், இடம் நோக்கியே பொருள் கொள்கின்றோம்.

பேச்சு வழக்கில் இவை பிரிந்து நிற்கின்றன. 'மாடு வந்துச்சு' என வினைமுற்றாகக் கூறுவோர், 'நீ வந்துச்சு நல்லது' என ஒருபோதும் கூறார். 'நீ வந்தது நல்லது' என்றே கூறுவர். 'மாடு வந்துச்சு எனக்குத் தெரியாது' என்பதும் இல்லை. 'மாடு வந்தது எனக்குத் தெரியாது' என்பதே உண்டு. சிலர் வினைமுற்றாகவும் 'வந்தது' எனக் கூறக்கூடும். ஆயினும் 'ச்சு' ஈறு பெயராக நிற்பது எங்கும் இல்லை. பெயருக்குத் 'து', முற்றுக்குச் 'ச்சு' எனப் பேச்சு வழக்கு வகுத்துக்கொண்டுள்ளது. எழுத்து வழக்கில் வடிவத்தாற் காட்டப்படாத ஒரு வேறுபாட்டைப் பேச்சு வழக்கு வடிவத்தாலேயே காட்டுகின்றது. எழுத்து வடிவத்தை மூலமாக வைத்து, 'வந்தது என்பது வந்துச்சு ஆகும்' என்று மட்டும் எழுதும் இலக்கணம் இவ்வேறுபாட்டைக் காணாது போய்விடும். 'நீ வந்துச்சு நல்லது' என்னும் பிழைத்தொடரையும் சரியென ஏற்றுவிடும்.

மறுபுறம், எழுத்து வழக்கில் உள்ள ஒன்று பேச்சு வினையில் இல்லை. 'மாடு வந்தது', 'மாடுகள் வந்தன' என எழுதுகின்றோம். பேச்சிலோ 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' என்பனவே. பெயரிற் பன்மை உண்டு, வினையில் இல்லை. நன்னூலாரின் ஐம்பாற் பகுப்பு எழுத்து வழக்கின் வினைக்குப் பொருந்தும். பேச்சு வழக்கின் வினையில் ஒன்றன்பாலும் பலவின்பாலும் ஒன்றாகிவிட்டமையால், ஆண், பெண், பலர், அஃறிணை என நான்கே எஞ்சுகின்றன. மாணவர் பலர் 'மாடுகள் வந்தது' எனத் தேர்வில் எழுதுவது கவனக்குறைவாலன்று. அவர்தம் நாவிலுள்ள இலக்கணத்தில் அத்தொடருக்கு ஒரே முற்றுதான் உண்டு. பேச்சு விகுதியை நீக்கி எழுத்து விகுதியை இட்டவர், பால் பகுப்பையும் மாற்ற வேண்டும் என்பதை அறிந்திலர்.

விதியின் எல்லைகள்

எவ்விதிக்கும் எல்லை உண்டு. 'வந்துவிட்டது' என்பதை நோக்குவோம். வந்துட்டான், வந்துட்டாங்க என்பவற்றை ஒட்டி, 'வந்துட்டு' என்னும் எச்சத்தோடு 'ச்சு' சேர்ந்தால் 'வந்துட்டுச்சு' என வர வேண்டும். பெரும்பான்மையோர் கூறுவதோ 'வந்துடுச்சு' அல்லது 'வந்திருச்சு'. விடு என்னும் துணைவினை மட்டும் எச்சமாகாமல் வேறொரு வடிவில் நின்று 'ச்சு' ஏற்கின்றது. இதனை விதிவிலக்காகத் தனியே கூறுவதே நேர்மையாகும்.

வட்டார வேறுபாடு மற்றோர் எல்லை. நெல்லை, குமரிப் பகுதிகளில் 'பஸ் வந்துட்டு' என எச்சம் போன்ற வடிவமே முற்றாக நிற்கக் கேட்கின்றோம். யாழ்ப்பாணத்தார் 'வந்திட்டுது' என்பர். அங்குத் 'து' விகுதியே நிலைத்துள்ளது. அக்கிரகார வழக்கில் 'வந்துடுத்து', 'போயிடுத்து' எனச் 'ச்சு' நிற்கும் இடத்தில் 'த்து' நிற்கின்றது. மேலே காட்டிய படிகளுள் தகரப் படியை இது நினைவூட்டுகின்றது. பலர்பாலிலும் இவ்வேறுபாடு உண்டு. இராமநாதபுரம் பகுதியில் 'வாப்பா வந்தாக' என மரியாதையாகக் கூறுவது, பிற இடங்களில் 'வந்தாங்க' எனப்படும்.

'இவற்றுள் எதற்கு இலக்கணம் எழுதுவது?' என்னும் வினா இங்கே எழுகின்றது. பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் இயலாது என்போர் இதனையே காரணமாகக் காட்டுவர். ஆனால், வெவ்வேறு ஊரார் சந்திக்கும்போது தத்தம் ஊர்ச்சொற்களை ஓரளவு விலக்கி, எல்லார்க்கும் விளங்கும் ஒரு பொதுப்பேச்சைக் கையாள்கின்றனர். நாடகமும் திரைப்படமும் வானொலியும் அதனைப் பரப்பியுள்ளன. அப்பொதுப்பேச்சை அடிப்படையாகக் கொண்டு ஹெரால்ட் ஷிஃப்மன் எழுதிய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1999இல் வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1989இல், தாமஸ் லேமன் இக்கால எழுத்துத் தமிழுக்கு விரிவான இலக்கணம் எழுதினார். இருவரும் வேற்று நாட்டவர். இருவர் நூலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஒருவர் எழுத்தையும் மற்றொருவர் பேச்சையும் தனித்தனியே எடுத்துக்கொண்டமை, வீரமாமுனிவர் சென்ற வழியை நினைவூட்டுகின்றது.

இதுகாறும் கண்டவற்றால், விளக்க இலக்கணம் எழுதுவோர் கொள்ளத்தக்க முறை புலனாகும். பேச்சு வழக்கின் விதிகளை அவ்வழக்கின் சான்றுகளைக் கொண்டே வகுத்தல் வேண்டும். அதன்பின்னரே எழுத்து வழக்கோடு ஒப்பிட்டு, எங்கு ஒலிமாற்றத்தால் இணைகின்றன, எங்கு வேறு விதியாற் பிரிகின்றன எனக் காட்டுதல் வேண்டும். ஒப்பீட்டை முதலில் வைத்தால், 'ஆச்சு' விளங்கும், 'வந்துச்சு' விளங்காது. பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு பழைய வடிவத்தை மறந்தால், 'வந்துச்சு' விளங்கும். 'ச்சு' எங்கிருந்து வந்தது என்பது விளங்காது.

முடிவுரை

மீண்டும் அவ்விடைத்தாளுக்கு வருவோம். 'மழை வந்திற்று' என்பது எழுத்து வழக்கிற் பிழையே. அதனைத் திருத்தியது முறையே. பேச்சு வழக்கைத் தேர்வுத்தாளில் எழுதலாம் என்பதும் நம் கருத்தன்று. ஆனால், அம்மாணவர் செய்தது யாது? தம் பேச்சிலுள்ள 'ச்சு' எல்லா வினைக்கும் பொதுவான ஒரே விகுதி என்பதை அவர் சரியாகவே உணர்ந்திருந்தார். அவ்விகுதிக்கு நேரான எழுத்து விகுதி 'ற்று' என்று நாமே இரு சொற்களைக் காட்டிக் கற்பித்திருந்தோம். இரண்டையும் சேர்த்து ஒரு சொல்லை ஆக்கினார். பேச்சில் ஒன்றாக உள்ள விகுதி, எழுத்தில் வினைக்கு ஏற்பத் 'து' என்றும் 'று' என்றும் இரண்டாகப் பிரியும் என்பதை நாம் கூறாததே குறை.

இன்று அவ்வினாவை ஒரு மாணவர் எழுப்பினால் நாம் கூறும் விடை இது: "தம்பி, ஆயிற்று, போயிற்று, ஓடிற்று, சொல்லிற்று ஆகியவை 'இன்' என்னும் இடைநிலை பெறும் வினைகள், அவற்றுக்கு 'ற்று' வரும். 'வா' என்பது அவ்வினமன்று. ஆகவே 'வந்தது' என எழுதுக. நீங்கள் பேசும் 'வந்துச்சு' என்பதில் உள்ள 'ச்சு', ஓடிச்சு என்பதிலிருந்து பரவி வந்தது. பேச்சில் அது சரி; அதற்கு எழுத்தில் நேர் வடிவம் இல்லை." இவ்விடையைக் கூற ஒரு நிமிடமே போதும். அதனைக் கூறுவதற்கு ஆசிரியர் இருவழக்கின் இலக்கணத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். அன்று நாம் ஒன்றையே அறிந்திருந்தோம். அம்மாணவர் இவ்வரிகளைப் படிப்பாராயின், குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பித் தர இயலாவிடினும், அன்று தராத விடையை இன்று தந்தவராவோம்.